மேல் எண் மட்டும் ஏறியிருக்கிறதா? "கீழ நார்மல்தானே" என்று விட்டுவிடாதீர்கள்

காசிமேட்டில் கருவாடு விற்கும் 68 வயது ஆயா ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். தெருமுனை முகாமில் அவருக்கு பிபி 168/72. சீட்டைப் பார்த்த பேரன், "கீழ 72தான் ஆயா, நார்மல். மேல உன் வயசோட நூறு கூட்டினா சரியா வருது, விடு" என்கிறான்.

வயதோடு நூறைக் கூட்டும் அந்தக் கணக்கை மருத்துவம் கைவிட்டு ரொம்ப காலமாகிறது. ஆனாலும் நம் வீடுகளில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது, அதனால்தான் பயமாக இருக்கிறது. 68 வயதானாலும் ஆஸ்பத்திரியில் மேல் எண் 140-ஐத் தொட்டால் அது உயர் ரத்த அழுத்தம்தான். கீழ் எண் 90-க்குள் இருப்பதால் அது இல்லையென்று ஆகிவிடாது.

இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும் நொடியில் குழாய்ச் சுவரில் விழும் அழுத்தம்தான் மேல் எண், அதாவது சிஸ்டாலிக். இதயம் தளர்ந்து அடுத்த துடிப்புக்கு நிரம்பும்போது மிஞ்சி நிற்பது கீழ் எண், டயஸ்டாலிக். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி இளவயதில் நன்றாக விரிந்து கொடுக்கும். ரத்தம் பாய்ந்து வரும்போது விரிந்து அடியை வாங்கிக்கொள்ளும். அப்புறம் மெல்லச் சுருங்கி, இதயம் ஓய்வெடுக்கும்போதும் ரத்தத்தை முன்னே தள்ளும். ஐம்பது வயதைத் தாண்டினால் அந்தச் சுவர், வெயிலில் கிடந்த ரப்பர் டியூப் போல விறைக்கிறது. விரிய முடியாததால் மேல் எண் ஏறுகிறது. சுருங்கித் தள்ளும் வேகமும் போய்விடுவதால் கீழ் எண் இறங்குகிறது. ஆகவே ஆயாவின் 72 ஆறுதலான செய்தி இல்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள 96 என்ற பெரிய இடைவெளிதான் அவருடைய குழாய்கள் விறைத்துப்போனதைச் சொல்கிறது.

"மேல மட்டும்தானே" என்று விட்டால் என்ன ஆகும்? 1991-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மேல் எண் மட்டும் 160-க்கு மேல் இருந்த அறுபது வயது தாண்டியவர்களுக்கு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதம் சுமார் 36 சதவீதம் குறைந்தது.

சரி, ஒரே ஒரு அளவை வைத்து மாத்திரையை ஆரம்பித்துவிடலாமா? அதுவும் தவறு. ஆயா மூன்று மாடி ஏறி இறங்கி, வெயிலில் வரிசையில் நின்று, பேசிக்கொண்டே கையை நீட்டியிருக்கலாம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, பட்டையைத் துணிக்கு மேல் கட்டாமல் வெறும் கையில் நெஞ்சு உயரத்தில் கட்டி, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். வேறொரு நாளும் அப்படியே பார்க்க வேண்டும். அப்போதும் 158/70, 160/72 என்று வந்தால் சந்தேகமில்லை. ரத்தசோகை, தைராய்டு அதிகமாகச் சுரப்பது, இதய வால்வுக் கசிவு ஆகியவையும் மேல் எண்ணை மட்டும் ஏற்றும் என்பதால் டாக்டர் அவற்றையும் பார்ப்பார்.

குறைந்த அளவு மாத்திரையில் ஒரு மாதம் கழித்து ஆயாவுக்கு 142/66 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் அடுத்த பயம் கிளம்பும்: "கீழ 66, லோ பிபி ஆயிடுச்சு, மாத்திரைய நிறுத்து!" நிறுத்தினால் மேல் எண் பழையபடி ஏறிவிடும். 66 என்பதற்காக மட்டும் நிறுத்த வேண்டியதில்லை. உட்கார்ந்து ஒருமுறை, எழுந்து நின்று ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். மேல் எண் 20-க்கு மேல் சரிந்தாலோ, எழும்போது தலை சுற்றினாலோ, மருந்தின் அளவை மாற்ற டாக்டரிடம் போக வேண்டும். இதய ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவருக்கு கீழ் எண் 60-க்குள் போனாலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் இதயத் தசை தனக்கான ரத்தத்தைப் பெரும்பாலும் ஓய்வெடுக்கும் நேரத்தில்தான் வாங்கிக்கொள்கிறது.

கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றையும் ஒரே தட்டில் வைக்கும் பழக்கத்தையும் மாற்ற வேண்டும். வயது ஏற ஏற, உப்பு சாப்பிட்டால் மேல் எண் இன்னும் அதிகமாக ஏறும்.

கீழ் எண் மட்டும் ஏறுவது பெரும்பாலும் இளவயதுக்காரர்களிடம். துறைமுகத்தில் லோடு வண்டி ஓட்டும் 36 வயதுக்காரருக்கு 128/96 என்றால், முதலில் பருத்த கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினார்களா என்று பாருங்கள். அது அளவைக் கூட்டிக் காட்டும். சரியான பட்டையிலும் அதே அளவு வந்தால் உடல் எடை, குடி, உப்பு ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். மேல் எண் நன்றாக இருக்கிறதே என்று இவரும் விட்டுவிடக் கூடாது. இப்படி இருப்பவர்களில் பலருக்குச் சில வருடங்களில் மேல் எண்ணும் சேர்ந்து ஏறிவிடுகிறது. மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிபி இலவசமாகவே பார்க்கிறார்கள், சில மாதங்களுக்கு ஒருமுறை போய்ப் பார்த்து இரண்டு எண்ணையும் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.