பைனரியை ஹெக்ஸாக மாற்றிவிட்டோம், விடை சரிதானா என்று எப்படிப் பார்ப்பது?

முதல் செமஸ்டர் வகுப்புத் தேர்வில் 1011010111 என்ற பைனரி எண்ணைக் கொடுத்து, ஹெக்ஸாக மாற்றச் சொல்லியிருந்தார்கள். பாடநூலில் இருநிலை எண், பதினாறுநிலை எண் என்று வருவது இவைதான். நான் நான்கு நான்காகப் பிரித்து B53 என்று எழுதினேன். விடைத்தாளைக் கொடுக்கும்போது மேடம், "இதுல எத்தனை பிட் இருக்கு?" என்று கேட்டார். எண்ணிப் பார்த்துப் பத்து என்றேன். "பத்து பிட் எண்ணோட ஹெக்ஸ் B-ல தொடங்கவே முடியாது. ஏன்னு யோசிச்சுப் பாருப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தார்.

அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில், மாற்றுவதை விட சோதிப்பதைத்தான் அதிகம் கற்றுக்கொண்டேன். அதே எண்ணை வைத்தே இங்கே செய்து காட்டுகிறேன். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், வலது பக்கத்திலிருந்து பிரியுங்கள்

நான் செய்த தவறு இங்கேதான். படிக்கும் பழக்கத்தில் இடமிருந்து நான்கு நான்காக எண்ணினேன்: 1011, 0101, 11. கடைசியில் மிஞ்சிய 11-ஐ 3 என்று எடுத்துக்கொண்டதால் B53 வந்தது.

சரியாகச் செய்தால், வலது ஓரத்தில் தொடங்கி நான்கு பிட் எண்ணி ஒரு கோடு போட வேண்டும், அப்புறம் அடுத்த நான்கு. இடது ஓரத்தில் எத்தனை மிஞ்சுகிறதோ அதற்கு முன்னால் பூஜ்யம் சேர்த்து நான்காக்கலாம்.

```
1011010111
10 | 1101 | 0111
0010 | 1101 | 0111
```

ஏன் வலதிலிருந்து? பைனரி எண்ணில் ஒன்றின் இடம் வலது ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து இடது பக்கமாக 1, 2, 4, 8 என்று நான்கு இடங்கள். அடுத்த நான்கு இடங்கள் 16, 32, 64, 128. இவை ஒவ்வொன்றும் முதல் நான்கின் 16 மடங்கு. அதற்கடுத்த நான்கும் அப்படித்தான், 256-இன் மடங்குகளாக இருக்கும். ஹெக்ஸில் ஓர் இலக்கத்துக்கும் அதன் இடப்பக்க இலக்கத்துக்கும் உள்ள உறவும் 16 மடங்குதான். அதனால் ஒன்றின் இடத்தில் தொடங்கிப் பிரித்தால் ஒவ்வொரு கட்டும் ஓர் ஹெக்ஸ் இலக்கத்தின் மேல் அச்சாகப் பொருந்தும். இடதிலிருந்து பிரித்தால் கோடுகள் எல்லாம் இடம் மாறி விழுகின்றன.

இடதிலிருந்து பிரித்துவிட்டு, மிஞ்சிய 11-க்குப் பின்னால் இரண்டு பூஜ்யம் சேர்த்து 1100 ஆக்கினால் B5C வரும். அதன் மதிப்பு 2908. நம் எண்ணின் உண்மையான மதிப்பு 727. 727-ஐ நான்கால் பெருக்கிப் பாருங்கள், 2908 வரும். எண்ணின் பின்னால் இரண்டு பூஜ்யம் சேர்த்தால் அது நான்கு மடங்காகிவிடுகிறது, முன்னால் சேர்த்தால் எதுவும் மாறாது. பூஜ்யத்தை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று இனிமேல் எனக்குக் குழப்பமே வராது.

ஒவ்வொரு கட்டையும் கூட்டுங்கள்

பதினாறு வரி அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டாம். கட்டின் மேல் 8 4 2 1 என்று எழுதி, 1 இருக்கும் இடங்களை மட்டும் கூட்டினால் போதும்.

```
8421   8421   8421
0010   1101   0111
2      13     7
```

பத்து முதல் பதினைந்து வரை A, B, C, D, E, F. 13 என்பது D. ஆக விடை 2D7.

கையால் எழுதும்போது எல்லா எழுத்தையும் பெரிய எழுத்தாகவே எழுதுங்கள். சின்ன b, திருத்துபவர் கண்ணுக்கு 6 போலத் தெரியும். பெரிய B-யையும் 8 ஆகத் தெரியாதபடி, இடப்பக்கக் கோட்டை நேராக இழுத்து எழுதுங்கள்.

இனி சோதனை: முதல் இலக்கம்

மேடம் சொன்னது இதுதான். முன்னால் வெறும் பூஜ்யங்கள் இல்லாத எண்ணை எடுத்து, பிட்களை எண்ணி, நான்கால் வகுத்து மீதியைப் பாருங்கள். பத்தை வகுத்தால் மீதி 2. அதாவது இடது ஓரக் கட்டில் இரண்டே பிட்தான் இருக்கும், அதில் முதல் பிட் 1. அப்படியானால் அது 10 அல்லது 11. முதல் ஹெக்ஸ் இலக்கம் 2 அல்லது 3 ஆகத்தான் இருக்க முடியும். B வந்திருந்தால் பிரித்ததிலேயே தவறு.

இதே கணக்கில் மீதி 1 என்றால் முதல் இலக்கம் 1 மட்டுமே. மீதி 3 என்றால் 4 முதல் 7 வரை. மீதியே இல்லை என்றால் 8 முதல் F வரை. ஐந்து விநாடி வேலை, பெரும்பாலும் இடதிலிருந்து பிரித்த தவறை இது காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசி இலக்கத்தையும் போகிற போக்கில் பார்த்துவிடலாம். பைனரி 1-இல் முடிந்தால் ஹெக்ஸின் கடைசி இலக்கம் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். B, D, F மூன்றும் ஒற்றைப்படை என்பதை மறக்க வேண்டாம்.

ஒன்றுகளை எண்ணுவது போதுமா?

என் வகுப்பில் பலர் இதைத்தான் செய்கிறார்கள். மூல எண்ணில் எத்தனை 1, விடையை விரித்தால் எத்தனை 1, இரண்டும் சமமா என்று பார்ப்பார்கள். நம் எண்ணில் ஏழு ஒன்றுகள். 2-இல் ஒன்று, D-யில் மூன்று, 7-இல் மூன்று, மொத்தம் ஏழு. பொருந்துகிறது.

ஆனால் என் தவறான B53-ஐயும் எண்ணிப் பாருங்கள். B-யில் மூன்று, 5-இல் இரண்டு, 3-இல் இரண்டு, அதுவும் ஏழு. தப்பாகப் பிரித்தாலும் ஒன்றுகள் எங்கும் போய்விடுவதில்லை, அதனால் இந்தச் சோதனைக்கு அந்தத் தவறு தெரியவே தெரியாது. ஒரு பிட்டை விட்டுவிட்டு எழுதுவது போன்ற தவறுகளைத்தான் இது பிடிக்கும், அதுவும் விட்டது 1 ஆக இருந்தால் மட்டும்.

திரும்ப விரித்துப் பாருங்கள்

நான் நம்பும் சோதனை இது. மூல எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, 2D7-ஐ மட்டும் பார்த்து பைனரியாக எழுத வேண்டும். மறைக்காமல் செய்தால் கண் மேலே போய்விடும், எழுதியதையே திரும்ப எழுதிவிட்டுச் சரி என்று டிக் போடுவோம்.

D என்றால் 13. அதில் 8 எடுக்கலாம், மீதி 5. 4 எடுக்கலாம், மீதி 1. 2 எடுக்க முடியாது. 1 எடுக்கலாம். ஆக 1101. ஏழுக்கு 8 எடுக்க முடியாது, 4, 2, 1 எடுக்கலாம், ஆக 0111.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 7-ஐ 111 என்று மூன்று பிட்டில் எழுதினால் 101101111 என்று ஒன்பது பிட்தான் வரும். பத்து எங்கே, ஒன்பது எங்கே என்று பார்த்ததும் தெரிந்துவிடும். முதல் இலக்கத்தைத் தவிர மற்ற ஒவ்வொன்றும் முழுதாக நான்கு பிட் எடுக்க வேண்டும்.

நேரம் இருந்தால், பதின்ம எண் வழியாக

இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். பைனரி பக்கம்:

```
512 + 128 + 64 + 16 + 4 + 2 + 1 = 727
```

ஹெக்ஸ் பக்கம்:

```
2×256 + 13×16 + 7×1 = 512 + 208 + 7 = 727
```

மெதுவான வழிதான். ஆனால் முதல், கடைசி இலக்கங்களைப் பார்ப்பதும் ஒன்றுகளை எண்ணுவதும் தவறவிடுவதை இது பிடிக்கும். உதாரணமாக நடுக்கட்டு 1101-ஐ அவசரத்தில் 1011 என்று படித்து 2B7 என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் இலக்கம் 2, சரி. கடைசி இலக்கம் ஒற்றைப்படை, சரி. ஒன்றுகள் ஏழு, அதுவும் சரி. ஆனால் மதிப்பைக் கணக்கிட்டால் 695 வரும்.

அதோடு, தவறு எந்தக் கட்டில் என்பதையும் இந்த வழி சொல்லிவிடுகிறது. 727-க்கும் 695-க்கும் வித்தியாசம் 32. அது 16-இன் இரண்டு மடங்கு. அப்படியானால் 16-இன் இடமான நடுக்கட்டில் இரண்டு குறைந்திருக்கிறது. D-க்கும் B-க்கும் வித்தியாசம் அதே இரண்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்: கோபித்துக்கொண்டு எல்லாவற்றையும் அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, ஓர் இலக்கத்தைத் திருத்தினால் போதும். ஒரே கட்டில் தவறு இருந்தால்தான் வித்தியாசம் இவ்வளவு தெளிவாகப் பேசும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கணினியில் பார்ப்பது

வீட்டுப்பாடத்துக்கு பைத்தானில் ஒரு வரி போதும்.

```
>>> hex(0b1011010111)
'0x2d7'
>>> bin(0x2d7)
'0b1011010111'
```

`0b` என்பதை விட்டுவிடாதீர்கள். விட்டால் பைத்தான் அதை நூறு கோடிக்கு மேற்பட்ட சாதாரணப் பதின்ம எண்ணாக எடுத்துக்கொள்ளும், பிழை என்றும் சொல்லாது:

```
>>> hex(1011010111)
'0x3c42ca3f'
```

பத்து பிட்டுக்கு மூன்று ஹெக்ஸ் இலக்கத்துக்கு மேல் வராது. எட்டு இலக்கம் வந்தால் தட்டச்சில்தான் தவறு. இன்னொன்று, `bin` முன்னால் உள்ள பூஜ்யங்களைக் காட்டாது. எண் 00101101 என்று தொடங்கியிருந்தால் அது 101101 என்றுதான் திரும்பி வரும், பயப்பட வேண்டாம். கேள்வியிலிருந்து எண்ணை நீங்கள் தவறாகப் பார்த்து எழுதியிருந்தால் மட்டும் கணினி உதவாது. தவறான எண்ணுக்குச் சரியான விடையைக் கொடுத்துவிடும்.

புள்ளி வந்தால்

புள்ளிக்கு வலது பக்கம் மட்டும் எல்லாம் தலைகீழ். அங்கே பிரிப்பதும் புள்ளியிலிருந்து தொடங்கித்தான், ஆனால் இடமிருந்து வலமாக. பூஜ்யத்தையும் கடைசியில் சேர்க்க வேண்டும். 10110.101 என்றால் 0001 0110 . 1010, ஆக 16.A. இரண்டு பக்கமும் 22.625 வருகிறதா என்று போட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஒரு கணக்கு உங்களுக்கு. 1101110010110 என்ற எண்ணுக்கு ஒரு தோழி 1B96 என்கிறாள், இன்னொருத்தி DCB0 என்கிறாள். பிட்களை மட்டும் எண்ணிப் பார்த்து, யார் சொல்வது சரி என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு தவறான விடை சரியான விடையின் எத்தனை மடங்கு, ஏன் அத்தனை மடங்கு என்று கண்டுபிடியுங்கள்.