மேஸ்திரி ஓய்வு பெறும் முன் நான் எழுதிய நோட்டு

பேரணாம்பட்டில் ஒரு தோல் தொழிற்சாலை. மேஸ்திரி லீவு போட்ட நாளிலெல்லாம் குரோம் பதனிட்ட மாட்டுத் தோலை வெட்டினால் நடுவில் வெளிறிய கோடு. அவருடைய அளவுகளை அப்படியே எழுதி வைத்தோம், பேச்சைப் பதிவு செய்தோம். கோடு போகவில்லை. இரண்டு மாதத்தில் அவருக்கு ஓய்வு.

அப்புறம் பத்து நாள் டிரம் பக்கத்திலேயே நின்று, அவர் கை செய்ததை மட்டும் எழுதினேன். குரோம் போடும் முன் தோலுக்கு அமிலக் குளியல். அது முடிந்ததும், மேஸ்திரி இல்லாத நாளில் எங்கள் ஆள் மெல்லிய வயிற்றுப் பக்கத்தில் வெட்டிப் பார்ப்பார். அங்கே அமிலம் சீக்கிரம் ஊடுருவிவிடும். மேஸ்திரி தடித்த கழுத்தில் வெட்டி, பிழிந்து, வெட்டு முகத்தில், அமிலம் பட்டால் மஞ்சளாகும் புரோமோகிரசால் கிரீன் சாயத்தைச் சொட்டு விடுவார். நடுவரை மஞ்சளானால்தான் குரோம்; நீலம் தெரிந்தால் டிரம் இன்னும் ஓடும்.

“இதையா எழுதணும் தம்பி? எல்லாருக்கும் தெரியுமே” என்றார்.

கடைசி வாரம் நான் வெட்டினேன், அவர் பேசாமல் பார்த்தார். கோடு வரவில்லை.