குழாயை மிதிக்கும் கால்: ஊமை நகைச்சுவைக் காட்சி ஒன்றை எடுத்துப் பார்ப்போம்

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியே சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு பத்துக் குறும்படங்களைத் திரையிட்டார்கள். அவற்றில் ஒன்று ஒரு நிமிடம்கூட ஓடாத ஒரு வேடிக்கை. தோட்டக்காரர் ஒருவர் குழாயைப் பிடித்துச் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார். பின்னால் வரும் பையன் குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நின்றுவிடுகிறது. என்ன கோளாறு என்று அவர் குழாயின் வாயை எட்டிப் பார்க்கிறார். பையன் காலை எடுத்துவிடுகிறான்.

அடுத்து என்ன நடந்திருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. நீங்கள் இப்போதே பார்த்துவிட்டீர்கள். அந்த ‘முன்பே பார்த்துவிடுதல்’தான் இந்தக் கலையின் முழு ரகசியமும். தண்ணீர் முகத்தில் அடிப்பதால் மட்டும் சிரிப்பு வருவதில்லை. நமக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை என்ற நிலை நீடிக்கும் இரண்டு மூன்று விநாடிகளில்தான் சிரிப்பு ஊறுகிறது. அந்த இடைவெளியை எவ்வளவு நீட்டுவது, எங்கே வெட்டுவது என்பதையே ‘டைமிங்’ என்கிறோம். அதைக் கற்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. ஒரு செல்பேசி, ஒரு ட்ரைபாட், மூன்று பேர், ஒரு ரப்பர் குழாய் போதும்.

படி 1: குழாயைப் பழக்குங்கள்

நடிகர்களுக்கு முன்னால் குழாய்க்கு ஒத்திகை வேண்டும். தடித்த சுவருள்ள குழாயை என்னதான் அழுத்தி மிதித்தாலும் தண்ணீர் முழுதாக நிற்காது. வாயில் சொட்டிக்கொண்டே இருக்கும், நகைச்சுவையும் அதோடு வடிந்துவிடும். மெல்லிய, வளையும் குழாயாகப் பாருங்கள். திருகைப் பாதி மட்டும் திறந்துவையுங்கள். பாதத்தால் மிதிப்பதைவிடக் குதிகாலால் மிதித்தால் நன்றாக அடைபடும்.

மிதிக்கும் இடம் வாய்க்கு அருகில், இரண்டு மூன்று அடி தூரத்தில் இருக்கட்டும். தள்ளி மிதித்தால், காலுக்கும் வாய்க்கும் நடுவே இருந்த தண்ணீர் வடிந்து குழாய் காலியாகிவிடும். காலை எடுத்த பிறகு அந்த நீளம் மறுபடி நிரம்ப வேண்டும். அந்தத் தாமதம் சிறியதுதான், ஆனால் கால் எழுவதும் தண்ணீர் அடிப்பதும் ஒரே கணமாகத் தெரியாமல் போய்விடும். காரணத்தையும் விளைவையும் கண் சேர்த்துப் பார்க்காவிட்டால் சிரிப்பு வராது.

குழாயின் முனையில் பீய்ச்சும் கருவி ஏதும் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். நடிகர் உள்ளே பார்ப்பதுபோல் பிடித்தாலும் நீர் தாடையில் படும்படி சாய்த்துப் பிடிக்கட்டும். கண்ணில் நேராக அடிக்கும் நீர் விளையாட்டல்ல. (‘ஸ்லாப்ஸ்டிக்’ என்ற பெயரே பழைய இத்தாலிய நாடகக் கோமாளிகள் வைத்திருந்த இரட்டைப் பலகை மட்டையிலிருந்து வந்தது. ஓங்கி அடித்தால் பட்டாசுபோல் சத்தம் கேட்கும், வலி சொற்பம்.)

படி 2: கேமராவை ஓரிடத்தில் நட்டுவிடுங்கள்

தோட்டக்காரர், மிதிக்கும் கால், இரண்டுக்கும் நடுவே கிடக்கும் குழாய் ஆகிய மூன்றும் ஒரே சட்டகத்தில் தெரிய வேண்டும். தலை முதல் கால் வரை தெரியும் தூரத்தில் கேமராவை வையுங்கள். தோட்டக்காரர் முக்கால்வாசி முன்பக்கம் திரும்பி நிற்கட்டும். மிதிப்பவர் அவருடைய முதுகுப் பக்கம்.

புதியவர்களுக்கு இங்கேதான் கை அரிக்கும். காலுக்கு ஓர் அண்மைக் காட்சி, முகத்துக்கு ஓர் அண்மைக் காட்சி என்று துண்டு துண்டாக எடுக்கத் தோன்றும். வேண்டாம். வெட்டினால், பார்ப்பவர் இரண்டையும் தானே இணைத்துக் கண்டுபிடிக்கும் சுகம் போய்விடும். ‘இதைப் பார், இப்போது அதைப் பார்’ என்று விரலால் சுட்டிக்காட்டுவதுபோல் ஆகும்.

1928-இல் வந்த ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுவதும் ஊமைப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் மீது சாய்கிறது. திறந்த ஜன்னல் இருக்கும் இடத்தில் அவர் நிற்பதால் பிழைக்கிறார். சுவர் விழுவதும் அவர் நிற்பதும் ஒரே ஷாட்டில் இருப்பதால்தான் இன்றும் பார்ப்பவர்களுக்கு மூச்சு நின்று பிறகு சிரிப்பு வருகிறது. சுவர் விழுவதைத் தனியாகவும் அவர் முகத்தைத் தனியாகவும் காட்டியிருந்தால் நாம் நம்பியிருக்க மாட்டோம்.

படி 3: விநாடிகளை எண்ணி நடியுங்கள்

நான் பயன்படுத்தும் கணக்கு இது. முதல் ஐந்து விநாடி தோட்டக்காரர் தனியாகத் தண்ணீர் விடட்டும். ஒன்றும் நடக்கக் கூடாது. இயல்பு என்ன என்று தெரிந்தால்தானே அது கெடுவது தெரியும். அடுத்த மூன்று விநாடியில் மிதிப்பவர் உள்ளே வந்து நிற்கிறார். எட்டாவது விநாடியில் மிதிக்கிறார். தண்ணீர் நின்றதும் தோட்டக்காரர் குழாயை ஒருமுறை உதறுகிறார், திருகு இருக்கும் பக்கம் பார்க்கிறார். பின்னால் மட்டும் பார்க்கவே கூடாது. பன்னிரண்டாவது விநாடி வாக்கில் குழாயை முகத்துக்கு நேராக உயர்த்துகிறார்.

இனிதான் விஷயம். வாய் முகத்துக்கு நேராக வந்த பிறகு, கால் எழும் வரை எவ்வளவு நேரம்? அரை விநாடியில் எடுத்துவிட்டால், ‘ஐயோ, வரப்போகிறது’ என்று நினைக்க நேரமில்லை. அதிர்ச்சி வரும், சிரிப்பு வராது. ஐந்து விநாடி காத்திருந்தால் பார்ப்பவர் உங்களுக்கு முன்னே ஓடிப்போய், அங்கே உட்கார்ந்து கொட்டாவி விடுவார். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எங்கோ இருக்கிறது சரியான இடம். அது நடிகருக்கு நடிகர் மாறும். அசட்டு முகம் கொண்டவருக்கு மூன்று விநாடி தாங்கும். பரபரப்பானவருக்கு இரண்டே அதிகம்.

அதனால் ஒரே அளவில் எடுக்காதீர்கள். ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்று என்று நான்கு டேக்குகள் எடுங்கள். கேமராவுக்குப் பின்னால் நிற்கும் மூன்றாமவர் கையை உயர்த்தும்போது மிதிப்பவர் காலை எடுக்கட்டும். தோட்டக்காரர் அந்தக் கையைப் பார்க்கக் கூடாது.

இந்த ஏற்பாட்டை நான் பட்டுத்தான் கற்றேன். முதன்முதலில் எடுத்தபோது இருவரும் மனத்துக்குள் எண்ணிக்கொண்டோம். நண்பன் தோட்டக்காரன், நான் மிதிப்பவன். போட்டுப் பார்த்தால், தண்ணீர் வருவதற்குச் சற்று முன்பே அவன் கண்கள் சுருங்கியிருந்தன. அந்தச் சிறு சுருக்கம் போதும், காட்சி செத்துவிட்டது. அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிட்டால் பிறகு என்ன மிச்சம்? போதாக்குறைக்கு நான் கேமராவைப் பார்த்துச் சிரித்துவேறு வைத்திருந்தேன். மிதிப்பவர் சிரிக்கக் கூடாது. பேருந்துக்குக் காத்திருப்பவர் முகம் இருந்தால் போதும்.

தண்ணீர் அடித்த உடனே துள்ளவும் வேண்டாம். ஒரு விநாடி அப்படியே, சொட்டச் சொட்ட நிற்கட்டும். அந்த அசைவற்ற விநாடியில்தான் பார்ப்பவர் வாய்விட்டுச் சிரிப்பார். அதன்பின் மெதுவாகத் திரும்பட்டும்.

படி 4: முடிந்துவிட்டது என்று நம்பவைத்து, இன்னொன்று

கீட்டனின் ‘ஒன் வீக்’ (1920) படத்தில் புதுமணத் தம்பதியின் வீடு தண்டவாளத்தின் மேல் மாட்டிக்கொள்கிறது. ரயில் வருகிறது. தள்ளிப் பார்க்கிறார்கள், அசையவில்லை. முகத்தை மூடிக்கொள்கிறார்கள். ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடுகிறது. அவர்களோடு நாமும் மூச்சு விடுகிறோம். அந்த மூச்சு முடிவதற்குள் எதிர்த் திசையிலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைச் சுக்குநூறாக்குகிறது. எதிர்பார்ப்பைக் கட்டி, அதைப் பொய்யாக்கி, நாம் தளர்ந்த நேரம் பார்த்து அதையே நிறைவேற்றுகிறார்.

நம் குழாய்க்கும் அதைச் செய்யலாம். நனைந்த தோட்டக்காரர் திரும்பி மிதித்தவரைப் பார்க்கிறார். திரும்பும்போது அவருடைய கால் குழாயின் மேல் ஏறிவிடுகிறது. இது நமக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும், அவருக்குத் தெரியக் கூடாது. பழிவாங்கக் குழாயை மற்றவரின் முகத்துக்கு நீட்டுகிறார். ஒன்றும் வரவில்லை. மற்றவர் தன் இரு பாதங்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுகிறார். தோட்டக்காரர் குழப்பத்துடன் குனிந்து தன் காலைப் பார்க்கிறார்; குனிந்தபோது குழாயின் வாய் தானாகவே அவர் தாடைப் பக்கம் திரும்பிவிடுகிறது. புரிந்துகொண்ட மகிழ்ச்சியில் காலை எடுக்கிறார்.

முதல் தடவை ஏமாற்றியவன் வேறொருவன், இரண்டாம் தடவை அவரே. மூன்றாவது ஒன்று சேர்க்க ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

படி 5: வேகம்

ஊமைப்பட நாட்களில் கேமராவைக் கையால் சுழற்றினார்கள். நகைச்சுவைக்கு வேண்டுமென்றே மெதுவாகச் சுழற்றுவார்கள். திரையில் அசைவுகள் விறுவிறுப்பாகத் தெரியும். நீங்கள் எடிட்டிங்கில் 1.1 அல்லது 1.2 மடங்கு வேகம் வைத்துப் பாருங்கள். அதற்கு மேல் போனால் விழும் தண்ணீர் பொய்யாகத் தெரிகிறது என்பது என் கண்ணின் தீர்ப்பு. ஒன்றை மறக்காதீர்கள்: 1.2 மடங்கில் உங்கள் இரண்டரை விநாடிக் காத்திருப்பும் ஏறக்குறைய இரண்டு விநாடியாகச் சுருங்கும். மூன்று விநாடி டேக் அப்போதுதான் கைகொடுக்கும்.

படி 6: ஒலியை அணைத்து ஒருவருக்குக் காட்டுங்கள்

பழைய படங்களில் எழுத்து அட்டைகளில் வந்த அன்றைய நடப்பு பற்றிய நகைச்சுவைகள் பல இன்று புரிவதே இல்லை. உடம்பால் செய்தவை அப்படியே நிற்கின்றன, ஏனென்றால் அவற்றைப் புரிந்துகொள்ளக் குழாயை மிதித்தால் தண்ணீர் நிற்கும் என்பதைத் தவிர வேறொன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. உங்கள் காட்சிக்கும் அதுதான் சோதனை: ஒலி இல்லாமல், விளக்கம் சொல்லாமல் ஓடவிடுங்கள்.

திரையைப் பார்க்காதீர்கள், பார்ப்பவரின் முகத்தைப் பாருங்கள். லாரல், ஹார்டி படங்களை வெளியீட்டுக்கு முன்பே பார்வையாளர்களுக்குப் போட்டுக் காட்டி, எங்கே எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று கவனித்துத் திருத்தியிருக்கிறார்கள். தண்ணீர் அடித்த பிறகுதான் அவர் சிரித்தால், காத்திருப்பு குறைவு. நீளமான டேக்கை எடுத்துப் போடுங்கள். கால் எழுவதற்கு முன்பே புன்னகை வந்து அணைந்துவிட்டால், காத்திருப்பு அதிகம். குழாய் முகத்தை நோக்கி உயரும்போதே உதட்டோரம் துடிக்கத் தொடங்கி, தண்ணீர் அடிக்கும்போது வெடித்தால், அந்த டேக்கை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடலாம்.