மூத்த பிள்ளையின் சுமையை இறக்கப் போய் நாம் செய்யும் தவறுகள்

புதிதாக உளவளத்துணை வேலைக்கு வந்த ஒரு தங்கச்சி சென்ற மாதம் என்னிடம் ஓர் அட்டவணையைக் கொண்டுவந்து காட்டினார். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு வீட்டில் மூத்த மகள் எல்லாச் சுமையையும் தாங்கிக் களைத்துப் போயிருக்கிறாள், தம்பிமாரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அதனால் வீட்டு வேலைகளை ஆளுக்கு ஆள் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு நிறப் பேனையால் எழுதி, சுவரில் ஒட்டிவிட்டு வந்திருந்தார். இரண்டு கிழமை கழித்து இன்னொருவர் அதே மாதிரி இன்னொன்றைக் காட்டினார். 2019இல் கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு வீட்டுச் சுவரில் நானும் அப்படித்தான் ஒன்றை ஒட்டினேன். அதனால் அந்த வீட்டு அம்மா ஆஸ்பத்திரியில் மூன்று இரவுகள் படுத்தார். அந்த அட்டவணையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

இரகசியம் காப்பது, ஒருபக்கம் சாயாமல் கேட்பது போன்றவற்றைப் பயிற்சியிலேயே சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"நீதான் இந்த வீட்டுக்குத் தூண்" என்று சொல்வது

மூத்த மகளுக்குப் பதினாறு வயதிலிருந்து எல்லாரும் இதைத்தான் சொல்லிவருகிறார்கள். கோயிலில், செத்தவீட்டில், பள்ளிக்கூடத்தில். தூண் நகர்ந்தால் கூரை விழும் என்பதுதான் அவளுக்கு அதில் கேட்கும். ஆறுதல் தேடி வந்தவளிடம் நாமும் அதையே சொன்னால், களைப்பாக இருக்கிறது என்று வாய் திறப்பதே குற்றம் என்று நினைத்துவிடுவாள்.

முதல் நாளே குடும்பத்தைக் கூட்டுவது

அம்மாவுக்கு முன்னால் "எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை" என்பாள். அடுத்த முறை வரமாட்டாள். குறைந்தது இரண்டு முறையாவது அவளோடு தனியாகப் பேசுங்கள், அதுவும் அந்த வீட்டு விறாந்தையில் வேண்டாம்.

தம்பியைத் திருத்தப் போவது

அவன் உங்களிடம் உதவி கேட்டு வரவில்லை.

வேலையைப் பிரித்துவிட்டு, பொறுப்பை அக்காவிடமே விடுவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன்.

அக்காவுக்கு அப்போது 26 வயது, ஆடைத் தொழிற்சாலையில் வேலை. தம்பிக்கு 20, மேசனுக்குக் கையாளாகப் போய்வந்தான். கடைசித் தங்கச்சி 15 வயதில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா 2009 மே மாதத்துக்கு முன்னரே இல்லாமல் போய்விட்டார். அம்மாவுக்குச் சீனி வருத்தமும் பிறசரும் இருந்தன. அக்கா விடிய நாலரைக்கு எழும்பிச் சமைத்துவிட்டுத் தொழிற்சாலை பஸ்ஸில் போவாள். லோன், சீட்டுக்காசு, கரண்ட் பில், அம்மாவின் கிளினிக், தங்கச்சியின் ரியூசன் எல்லாம் அவள் தலையில். "அவன் சின்னப்பிள்ளை" என்பார் அம்மா. அந்தச் சின்னப்பிள்ளைக்குத் தாடி முளைத்திருந்தது.

நான் போய் எல்லா வேலைகளையும் எழுதினேன். மொத்தம் 19 வேலைகள், அவற்றில் 15 அக்காவுடையவை. ஆறு வேலைகளைத் தம்பிக்கு மாற்றினேன். அம்மாவின் மாதக் கிளினிக்கும் அதில் ஒன்று. எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் வேலை முடிந்தது என்று நினைத்துத் திரும்பினேன்.

அப்புறம் நடந்தது இதுதான். கிளினிக் கொப்பி அக்காவின் அலுமாரியிலேயே இருந்தது. திகதி அவள் மனதில் இருந்தது. குளிசை எத்தனை மிச்சம் என்று எண்ணியதும் அவள்தான். தம்பி செய்ய வேண்டியிருந்தது, அவள் சொல்லும் நாளில் அம்மாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போவது மட்டும். அவள் நினைவுபடுத்த வேண்டும், அவன் "ஓம்" என்பான், அவள் திரும்பவும் கேட்க வேண்டும், அவன் எரிந்து விழுவான். முன்பு கிளினிக்குக்கு மாதம் ஒரு நாள் போய்வந்தவளுக்கு இப்போது மாதம் முழுக்க அவனை விரட்டுவதே வேலையாகிப்போனது.

மூன்றாவது மாதம் தொழிற்சாலையில் அவசர ஓடர் என்று அவளுக்கு இரவு வேலையும் சேர்ந்தது. நினைவுபடுத்தத் தவறிவிட்டாள். அவனும் மறந்துவிட்டான். அம்மா வாயே திறக்கவில்லை. பிள்ளைகளுக்குக் கரைச்சல் கொடுக்கக்கூடாது என்று இருந்துவிட்டார். எட்டு நாள் குளிசை இல்லை. சீனி ஏறி, தலைசுற்றி அடுப்படியில் விழுந்தார். அக்கா சம்பளமில்லா லீவு போட்டு வாட்டில் நின்றாள். என்னைக் கண்டதும் அவள் ஏசவில்லை. "நான் சொன்னனான் அக்கா, நான் பார்க்காட்டி நடக்காது" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு ஆறு மாதம் ஒரு துரும்பைக்கூட அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. தவறிப்போன ஒரு கைமாற்றம், மூத்த பிள்ளையின் மனதில் இருக்கும் பயத்துக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போகிறது. அதனால்தான் இந்தத் தவறு இவ்வளவு விலை கேட்கிறது.

இதில் மூன்று பிழைகள் விட்டேன்.

முதலாவது, ஒரு வேலைக்கு உள்ளே எத்தனை வேலைகள் இருக்கின்றன என்று பார்க்கவில்லை. கிளினிக் என்றால் திகதியை நினைவில் வைப்பது, கொப்பியைப் பத்திரப்படுத்துவது, வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கவேண்டிய நாளை அறிந்து அம்மாவுக்கு முதல்நாளே சொல்வது, விடிய நம்பர் எடுப்பது, டொக்டர் சொன்னதை விளங்கிவருவது, குளிசை குறைவதைக் கவனிப்பது. ஏற்றி இறக்குவது அதில் மிகச் சிறிய துண்டு. நான் கை வேலையைத் தம்பிக்குக் கொடுத்து, தலை வேலையை அக்காவிடம் விட்டேன்.

இரண்டாவது, முதன்முதலாகக் கைமாற்றும் வேலை தவறிப்போனாலும் ஆளுக்குச் சேதம் வராத வேலையாக இருக்க வேண்டும். மருந்தும் கடனும் அப்படியானவை அல்ல. லோன் அவள் பெயரில் இருந்தால், தம்பி கட்டத் தவறும்போது அவளைத் தேடித்தான் வருவார்கள்.

மூன்றாவதுதான் பெரியது. அந்தப் பொறுப்பை அவளுக்கு யார் கொடுத்தது என்று நான் கேட்கவே இல்லை.

வாட்டில் ஒரு பின்னேரம் அவளே சொன்னாள். 2009 தொடக்கத்தில் விசுவமடுப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து போகும்போது அவளுக்கு 16, தம்பிக்கு 10, தங்கச்சிக்கு 5. அம்மா சொன்னாராம்: "பிள்ளை, என்ன நடந்தாலும் தம்பியின்ர கையை விட்டிடாத." அவள் விடவில்லை. பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் சோற்றுக்கும் தண்ணிக்கும் வரிசையில் நின்றதும் அவள்தான். ஊர் திரும்பிக் கொட்டில் போட்டபோது அம்மாவுக்குக் கம்பு எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். அந்தக் கட்டளையை யாரும் திரும்ப எடுக்கவில்லை. பத்து வருடம் கழித்து நான் ஒரு கடதாசியைச் சுவரில் ஒட்டி, கையை விடு என்கிறேன். எப்படி விடுவாள்?

குடும்பச் சிகிச்சையை வளர்த்தவர்களில் ஒருவரான சால்வடோர் மினூச்சின் 1970களிலேயே இதை எழுதியிருக்கிறார். மூத்த பிள்ளை பெற்றோரின் வேலையில் பங்கெடுப்பது தன்னளவில் கெடுதல் இல்லை. எந்த வேலை, எவ்வளவு அதிகாரம் என்று பெற்றோர் வெளிப்படையாகச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை அதில் வளரும். சொல்லாமலே சுமத்திவிட்டாலோ, பெற்றோர் தங்கள் இடத்தை விட்டு விலகிவிட்டாலோதான் பிள்ளை நொந்துபோகும். வன்னியில் பல வீடுகளில் பெற்றோர் விரும்பி விலகவில்லை. சாவும் காயமும் அவர்களை விலக்கின. ஆனாலும் கொடுத்தவரோ அவர் இடத்தில் நிற்கும் ஒருவரோதான் அதைத் திரும்ப எடுக்க வேண்டும். அம்மா உயிரோடு இல்லாத வீட்டில் சித்தியோ மாமாவோ சொல்லலாம். நம் வாயால் சொன்னால் அது ஒட்டாது.

அதனால் இரண்டாம் தடவை நான் அம்மாவோடு தொடங்கினேன். மூன்று சந்திப்புகள். மகளுக்கு என்ன பாரம் என்று நான் விளக்கவில்லை. அந்த நாட்களில் யார் என்ன செய்தார்கள் என்று மட்டும் கேட்டேன். மூன்றாவது சந்திப்பில், தான் அன்று சொன்னதை அவரே நினைத்தெடுத்து அழுதார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று பிள்ளைகளும் இருக்கும்போது அவர் சொன்னார்: "பிள்ளை, அண்டைக்கு நான் சொன்னதை நீ செய்து முடிச்சிட்டாய். இனி அவனைப் பார்க்கிறது என்ர வேலை." அக்கா எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டாள். பின்னால் போகவேண்டாம் என்று தங்கச்சிக்குக் கண்ணைக் காட்டினேன்.

பிறகு ஒரே ஒரு வேலையை எடுத்தோம். கரண்ட் பில். பில் வந்தால் எடுத்து வைப்பது, காசு ஒதுக்குவது, கட்டுவது எல்லாம் தம்பி. கேள்வி கேட்பதானால் அம்மா கேட்பார், அக்கா கேட்கக்கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை அவளுக்குத்தான் கடினம். அதனால் அவளோடு தனியாக இருந்து, வாய் வரைக்கும் வரும் கேள்வியை என்ன செய்வது என்று பேசினோம். அடுப்படியில் நிற்காமல் எழும்பி வெளியே போவேன் என்று அவளே ஒரு வழி சொன்னாள்.

அவன் கட்டவில்லை. சிவப்பு நோட்டீஸ் வந்தது, பிறகு கரண்டை வெட்டிவிட்டார்கள். அன்றிரவு போத்தல் விளக்கு வெளிச்சத்தில் அக்கா இருந்தாள். கையில் காசும் இருந்தது. அவள் எனக்கு எடுத்த போனில் குரல் நடுங்கியது. "நாளைக்குக் காலமை நான் போய்க் கட்டட்டோ?" என்றாள். வேண்டாம் என்றேன். அந்த வீட்டில் யாருக்கும் கரண்ட் இல்லாமல் உயிராபத்து வராது என்று முன்பே பார்த்துத்தான் இந்த வேலையைத் தெரிவு செய்திருந்தோம். அம்மாவின் மருந்து குளிசைதான், குளிர்சாதனப்பெட்டியில் வைக்கும் இன்சுலின் இல்லை. அன்றைக்குத் தம்பியைப் பேசியது தங்கச்சி. படிக்க முடியவில்லை என்று கத்தினாளாம். அந்த வீட்டில் அக்காவைத் தவிர வேறொருவர் அவனிடம் கணக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவன் தன் கூலியில் நிலுவையையும் மீள இணைப்புக் கட்டணத்தையும் கட்டினான். அடுத்த மாதம் பில் வந்த கிழமையே கட்டிவிட்டான். கிளினிக்கை அதற்கு ஐந்து மாதம் கழித்துத்தான் மாற்றினோம், கொப்பியோடு சேர்த்து.

களைப்பு என்று எண்ணி ஆபத்தை விடுவது

"செத்தால்தான் எனக்கு ஓய்வு" என்று சொன்னால் அதைப் பேச்சுக்குச் சொன்னதாக எடுக்காதீர்கள். நேரே கேளுங்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போங்கள். இரவு நேரமென்றால் மனநல உதவிக்கான 1926 இலக்கத்துக்கு எடுக்கலாம். வேலைப் பங்கீடு பிறகு.

அட்டவணையைப் பார்த்து மதிப்பிடுவது

கைமாறியதா என்று அறிய நான் இப்போது மூத்த பிள்ளையிடம் ஒரு கேள்விதான் கேட்பேன்: இந்த மாதம் பில் எவ்வளவு? சரியான தொகையைச் சொன்னால் பொறுப்பு இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. அந்த வீட்டில் முதல் இரண்டு தடவையும் ரூபாய் சதத்தோடு சொன்னாள். அவன் கழட்டிப்போட்ட காற்சட்டைப் பையில் பில்லை எடுத்துப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் சொல்லாமல் அடுத்த மாதமும் கேட்டேன். நாலாவது மாதம் கேட்டபோது தையல் மெசினில் இருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "தெரியேல்லை அக்கா, அவனைக் கேளுங்கோ."