கிரிக்கெட் வர்ணனை: ஒரு பந்தை வானொலியில் சொல்வது எப்படி?

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்லிப், கல்லி, மிட் ஆன், யார்க்கர், கூக்ளி, எல்பிடபிள்யூ போன்ற பெயர்களை அப்படியே விட்டுவிடலாம். கேட்பவருக்கு அவை பழகிய சொற்கள். ஸ்லிப்பை ‘நழுவல்’ என்றால் யாருக்கும் புரியாது. நடப்பதைச் சொல்லும் வினைகள் மட்டும் தமிழில் இருக்கட்டும்: தட்டிவிட்டார், விரட்டினார், தூக்கி அடித்தார், விளிம்பில் பட்டது, ஆட்டமிழந்தார். ‘கவர் டிரைவ் பண்ணினார்’ என்பதைவிட ‘கவர் பக்கம் விரட்டினார்’ காதுக்கு இதம்.

அடுத்தது வாக்கியம். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். தமிழில் வினை கடைசியில் வரும். ‘ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழுந்த பந்தை கவருக்கும் மிட் ஆஃபுக்கும் நடுவே எல்லைக்கோட்டுக்கு விரட்டினார்’ என்று சொல்லி முடிப்பதற்குள் பந்து எல்லையைத் தொட்டிருக்கும். மைதானத்துக் கைதட்டல் ஒலிவாங்கியில் கேட்கும், என்ன நடந்தது என்று கேட்பவருக்குத் தெரியாது. ஆகவே வாக்கியத்தை உடையுங்கள்:

“வீசுகிறார்... அடித்தார், கவர் பக்கம்! தடுக்க ஆளில்லை... நான்கு ரன்! ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே கொஞ்சம் முன்னால் விழுந்த பந்து, காலை நீட்டி விரட்டினார்.”

அடியும் திசையும் முதலில், முடிவு அடுத்து. பந்து எங்கே விழுந்தது என்ற விளக்கம் கடைசியில். வேகப்பந்து வீச்சாளர் திரும்பி நடக்கும் நேரம் அதற்குப் போதும். மிஞ்சும் நேரத்தில் எண்ணிக்கையைச் சொல்லுங்கள். நடுவில் வானொலியைத் திறந்தவர் அதற்காகத்தான் காத்திருப்பார்.

திசையில் இன்னொரு சிக்கல் உண்டு. கடலூரிலும் புதுச்சேரியிலும் கடல் கிழக்கே. ‘கடல் பக்கம் அடித்தார்’ என்றால் உள்ளூர்க்காரருக்குக் காட்சி உடனே விரியும். ஆனால் வெயில் கண்ணில் படாமலிருக்க ஆடுகளத்தைப் பெரும்பாலும் வடக்கு தெற்காக அமைப்பார்கள். வடக்கிலிருந்து வீசும்போது வலதுகை மட்டையாளருக்குக் கடல் பக்கம் ஆஃப் சைடு. அடுத்த ஓவர் தெற்கிலிருந்து வந்தால் அதுவே லெக் சைடு. இடதுகைக்காரர் என்றால் இரண்டும் மாறும். எனவே ஓவர் தொடங்கும்போது, “வடக்கு முனையிலிருந்து வீசுகிறார், வலதுகைக்காரருக்கு ஆஃப் சைடு கடல் பக்கம்” என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

‘விட்டார்’ என்ற சொல்லைத் தனியாக விடாதீர்கள். மட்டையாளர் பந்தை விட்டாரா, ஸ்லிப்பில் நின்றவர் கேட்சை விட்டாரா என்று கேட்பவர் தவித்துப்போவார். மட்டையாளர் என்றால் ‘ஆடாமல் விட்டார்’. கேட்ச் என்றால் ‘நழுவவிட்டார்’. பந்து கைக்கடியில் போய்விட்டால் ‘தடுக்கத் தவறினார்’. ஒரு ஓவரை போனில் பதிவுசெய்து, ஆட்டம் பார்க்காத ஒருவரிடம் போட்டுக்காட்டுங்கள். எந்தப் பந்தில் அவர் ‘யாரு?’ என்று கேட்கிறாரோ, அந்த வாக்கியத்தைத் திருத்துங்கள்.