இரண்டாவது குடோன் எடுப்பதற்கு முன்: சரக்கு எத்தனை நாள் தூங்குகிறது என்று பாருங்கள்

திருப்பாதிரிப்புலியூரில் மொத்த ஜவுளி வியாபாரம் செய்யும் ஒருவர் பாண்டிச்சேரியிலும் ஒரு குடோன் போட நினைக்கிறார். "வியாபாரம் நல்லாத்தான் ஓடுது, ஆனா கையில பணம் நிக்க மாட்டேங்குது" என்கிறார். அவர் கணக்கை வைத்தே படிப்படியாகப் பார்ப்போம். புரிவதற்காகத் தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

படி 1: ஒரு நாள் கணக்குக்கு வாருங்கள்

ஆண்டு விற்பனை 3.65 கோடி. அதாவது நாளுக்கு 1 லட்சம். லாபம் பத்து சதவீதம் போக, விற்ற சரக்கின் அடக்கவிலை நாளுக்கு 90,000. இந்த இரண்டு எண்களையும் தனியாக எழுதி வையுங்கள்.

படி 2: மூன்று நாட்களைக் கண்டுபிடியுங்கள்

```
இருப்பு நாள்  = இருப்பு (அடக்கவிலை) ÷ ஒரு நாள் அடக்கம்
பாக்கி நாள்   = வரவேண்டியது ÷ ஒரு நாள் விற்பனை
கடன் நாள்    = தரவேண்டியது ÷ ஒரு நாள் கொள்முதல்
```

குடோனில் 67.5 லட்சம் சரக்கு: 75 நாள். கடைக்காரர்களிடம் 45 லட்சம் பாக்கி: 45 நாள். சப்ளையர்களுக்குத் தரவேண்டியது 27 லட்சம்: 30 நாள் (கொள்முதலும் நாளுக்கு 90,000 என்றே வைத்துக்கொள்வோம்). 75-உம் 45-உம் கூட்டி 30-ஐக் கழித்தால் 90 நாள். சப்ளையருக்குக் கொடுத்த பணம் திரும்பிவர மூன்று மாதம். ரொட்டேஷனில் மாட்டியிருப்பது 85.5 லட்சம். இதுதான் அவருடைய நடைமுறை மூலதனம்.

இங்கே பலர் வழுக்கும் இடம் இரண்டு. மார்ச் 31 இருப்பை மட்டும் எடுக்காதீர்கள். தீபாவளிக்கு முன் குடோன் நிரம்பி வழியும், பிறகு காலியாகும். பன்னிரண்டு மாதக் கடைசி இருப்பின் சராசரியை எடுங்கள். அப்புறம், பாக்கித் தொகையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கும், விற்பனையில் சேர்த்திருக்க மாட்டீர்கள். வரியைக் கழித்துவிட்டு வகுங்கள்.

படி 3: சராசரியை நம்பாமல் ரகம் ரகமாகப் பிரியுங்கள்

எனக்கு இதுதான் முக்கியமான படி. 75 நாள் என்பது எல்லாச் சரக்குக்கும் பொருந்தும் நாள் அல்ல. பிரித்துப் பார்த்தால்:

லுங்கி, வேட்டி, துண்டு: இருப்பு 22.5 லட்சம், நாளுக்கு 50,000 அடக்கம் போகிறது, 45 நாள்.
நைட்டி, யூனிஃபார்ம் துணி: 15 லட்சம், நாளுக்கு 20,000, 75 நாள்.
சூரத் சேலை: 30 லட்சம், நாளுக்கு 20,000, 150 நாள்.

சேலை ஐந்து மாதம் தூங்குகிறது. குடோனில் போய்ப் பார்த்தால் கணக்கு கண்ணுக்கே தெரியும். கீழே அடுக்கிய கட்டுகளைப் பிரித்தால் மடிப்பு ஓரம் மஞ்சளாகியிருக்கும். கடல்காற்றில் ஈரம் ஏறும் ஊர் இது. ஒவ்வொரு கட்டிலும் வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டினால், ஆறு மாதம் தாண்டியது எது என்று உடனே தெரியும்.

சேலையை 90 நாளுக்குக் கொண்டுவந்தால் 18 லட்சம் போதும். மீதி 12 லட்சம் அடக்கச் சரக்கை விலை குறைத்து ரொக்கத்துக்குத் தள்ளினால், 10 லட்சமாவது கைக்கு வரும்.

படி 4: பாண்டிச்சேரிக்கு எவ்வளவு வேண்டும்?

அங்கே நாளுக்கு 50,000 விற்பனை என்பது அவர் திட்டம். அதன் அடக்கம் 45,000. எல்லா ரகத்திலும் 60 நாளுக்கு நிரப்பினால் 27 லட்சம். ஆனால் முதல் ஆறு மாதம் பாதிதான் ஓடும் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அப்போது அதே சரக்கு 120 நாள் சரக்காகிவிடும். முப்பதாம் நாள் சப்ளையர் 27 லட்சத்தைக் கேட்பார். முதல் பாக்கி வருவதோ நாற்பத்தைந்தாம் நாள். விரிவாக்கத்தில் பணம் முடங்குவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

வேகமாக ஓடும் லுங்கி, வேட்டி, துண்டோடு மட்டும் தொடங்கினால்? நாளுக்கு 25,000 விற்பனை, 22,500 அடக்கம். 45 நாள் சரக்கு சுமார் 10 லட்சம், பாக்கி 11.25 லட்சம், சப்ளையர் கடன் 6.75 லட்சம் போக, தேவை ஏறக்குறைய 14.5 லட்சம். பழைய சேலையிலிருந்து 10 லட்சம் வருகிறது. மீதி நாலரை லட்சமும் வாடகை, கூலியும்தான் கைமுதலிலிருந்தோ வங்கி ஓவர்டிராஃப்டிலிருந்தோ வரவேண்டும்.

வங்கிக்குப் போனால், மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் கேட்பார்கள். சப்ளையருக்குப் பணம் கொடுக்காத சரக்குக்குக் கடன் எடுக்க விடமாட்டார்கள், பொதுவாக 90 நாளுக்கு மேற்பட்ட பாக்கியைக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். ஆகவே பழைய பாக்கியை முன்பே வசூலித்து வைப்பது நல்லது.

ஒன்று விட்டுப்போச்சு. இருபது கிலோமீட்டர் சொச்ச தூரம்தான், ஆனாலும் பாண்டிச்சேரி யூனியன் பிரதேசம். அங்கே குடோனுக்குத் தனி ஜிஎஸ்டி பதிவு வேண்டும். உங்கள் குடோனிலிருந்து உங்கள் குடோனுக்கே அனுப்பினாலும் ஐஜிஎஸ்டி போட்ட இன்வாய்ஸ் தேவை. அந்த வரியை அங்கே கிரெடிட்டாக எடுக்கலாம், ஆனால் எடுப்பது அந்த மாத ரிட்டர்னுக்குப் பிறகு. எனவே முதல் லோடு அனுப்பும் மாதத்தில் வரிப் பணத்தையும் தேவையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.