சிடி அறையில் அடுத்தது யார்: ஒர்க்லிஸ்டை அவசரப்படி அடுக்குவதும், இடைவெளியில் அறையைத் தயார்செய்வதும்

ஒரே ஒரு சிடி மெஷின் உள்ள மருத்துவமனையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த டெக்னீஷியனுக்கும் ஸ்கேன் அறை நர்சுக்கும் இந்தக் குறிப்பு. எம்ஆர்ஐ அறைக்குப் பாதுகாப்பு விதிகள் வேறு என்பதால் அதை இங்கே சேர்க்கவில்லை.

முதலில் திரையைப் புரிந்துகொள்ளுங்கள்

கன்சோலில் தெரியும் ஒர்க்லிஸ்ட், மருத்துவமனையின் பதிவுக் கணினியிலிருந்து வருவது. டாக்டர் ஸ்கேன் எழுதிப் பதிவானதும் நோயாளியின் பெயர், ஐடி, Accession Number, என்ன ஸ்கேன் என்ற விவரம் எல்லாம் அங்கிருந்து மெஷினுக்கு வந்துவிடும். நாம் எதையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை, செய்யவும் கூடாது. கையால் அடிக்கும்போது ஐடியில் ஒரு எண் மாறினாலே படம் யாருடைய பெயரிலும் சேராமல் தனியாக நிற்கும். ரேடியாலஜிஸ்ட் தேடும் இடத்தில் அது இருக்காது.

பெரும்பாலான மெஷின்கள் இந்தப் பட்டியலை நேர வரிசையில்தான் காட்டும். பதிவில் STAT என்று குறித்திருந்தாலும் அந்தப் பெயர் தானாக மேலே ஏறும் என்று நம்ப முடியாது. அதனால் திரையில் உள்ள வரிசையை 'யார் யார் இருக்கிறார்கள்' என்று பார்க்க மட்டும் வைத்துக்கொண்டு, 'யார் முதலில்' என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கன்சோல் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தால் போதும்.

பெயர் வரவில்லை என்றால் பதற வேண்டாம். முதலில் ரெஃப்ரெஷ் செய்யுங்கள். அடுத்து தேதி ஃபில்டரைப் பாருங்கள். இரவு 12 மணிக்குச் சற்று முன்பு எழுதிய ஸ்கேன் நேற்றைய தேதியில் கிடக்கும். 'இன்று' என்று மட்டும் தேடினால் கண்ணில் படாது. அதிலும் இல்லையென்றால் ஸ்கேன் வேறு மெஷினின் பெயரில் பதிவாகியிருக்கலாம், பதிவு கவுண்டரிடம் கேளுங்கள். பெயர் தெரியாத விபத்து நோயாளிக்குக் கேஷுவாலிட்டியில் தற்காலிக ஐடி போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுக்குவதற்கு இரண்டு கேள்விகள்

ஒவ்வொரு ஸ்லிப்பையும் கையில் எடுத்து முதலில் கேட்க வேண்டியது: இந்தப் படத்துக்காக எந்த முடிவு காத்திருக்கிறது, அது எவ்வளவு நேரம் தாங்கும்? பார்த்தால் ரொம்ப முடியாதவராகத் தெரிகிறவரே எப்போதும் முதல் ஆள் என்று சொல்லிவிட முடியாது. பக்கவாத நோயாளி அமைதியாகப் படுத்திருப்பார். ஆனால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று படம் சொன்ன பிறகுதான் போட முடியும். வாசலுக்கு வந்ததிலிருந்து 20 முதல் 25 நிமிடத்துக்குள் அவருக்கு ஸ்கேன் ஆகிவிட வேண்டும் என்பது வழக்கமான இலக்கு.

இரண்டாவது கேள்வி: இவர் இப்போதே டேபிளில் ஏறத் தயாரா? கேனுலா போட்டாயிற்றா, கிரியாட்டினின் ரிசல்ட் வந்ததா, குடிக்கும் மருந்தைக் குடித்து முடித்தாரா, கர்ப்பம் இருக்க வாய்ப்புண்டா என்று கேட்டாயிற்றா? தயாராகாத ஒருவருக்காக டேபிள் காலியாகக் கிடந்தால் வரிசையில் எல்லோருக்கும் தாமதம். முதல் கேள்வி வரிசையைத் தீர்மானிக்கும். இரண்டாவது, ஒருவர் டேபிளில் இருக்கும்போதே அடுத்தவருக்கு என்ன நடந்துகொண்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்லும்.

ஒரு காலை நேரப் பட்டியல்

காலை ட்யூப் வார்ம்-அப், ஏர் காலிப்ரேஷன் இரண்டும் முடிந்து 8.30 மணி. திரையில் ஐந்து பேர், நேர வரிசையில் இப்படி: கல்லீரல் கட்டிக்குக் காண்ட்ராஸ்ட் போட்டு வயிறு பார்க்க வந்த ஓபி நோயாளி, சளியில் டிபி கிருமி உறுதியான வார்டு நோயாளிக்கு நெஞ்சு, மூன்று மாதத் தலைவலிக்கு மூளை பிளெயின், திடீர் மூச்சுத்திணறலுடன் ஆக்ஸிஜனில் இருக்கும் 61 வயதுக்காரருக்கு நுரையீரல் ரத்தக்குழாய் ஆஞ்சியோ, கேஷுவாலிட்டியிலிருந்து பைக் விபத்தில் தலையில் அடிபட்ட இளைஞர், ஜிசிஎஸ் 13, இரண்டு முறை வாந்தி.

கடைசியில் இருக்கும் தலைக்காயம்தான் முதலில் போக வேண்டும். உள்ளே ரத்தம் சேர்ந்துகொண்டிருந்தால் ஆபரேஷன் முடிவு இந்தப் படத்தில் இருக்கிறது. ஊசியோ தயாரிப்போ தேவையில்லை, சில நிமிட வேலை. அவர் டேபிளில் இருக்கும்போதே மூச்சுத்திணறல்காரருக்கு முழங்கை மடிப்பில் கேனுலா போகட்டும். இந்த ஸ்கேனில் மருந்து நொடிக்கு 4 மில்லி வேகத்தில் போகும் என்பதால் பச்சை நிற 18 அல்லது பிங்க் நிற 20 கேஜ் வேண்டும். வார்டில் புறங்கையில் போட்டு அனுப்பிய நீல நிற 22 கேஜை நம்பி ஏற்றாதீர்கள். மருந்து சதைக்குள் கசிந்து கை வீங்கினால் ஸ்கேனும் வீண், நோயாளிக்கும் அவதி. 10 மில்லி சலைனைக் கையால் தள்ளி, ஊசி இருக்கும் இடத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். தோல் உப்பினாலோ வலித்தாலோ வேறு கேனுலா.

வயிற்று ஸ்கேன்காரரை வரிசையிலிருந்து தள்ளிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். குடிக்கும் மருந்து ஒரு லிட்டரை அவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். 8.15-க்கு ஆரம்பித்திருந்தால் 9.30-க்கு முன் அவர் எப்படியும் தயாராக மாட்டார். வெறும் வயிற்றில் வந்த சர்க்கரை நோயாளி என்றால் மட்டும் சர்க்கரை அளவு பார்த்துவிட்டுக் காத்திருக்கச் சொல்லுங்கள்.

8.40-க்குத் தலைக்காயம் முடிந்தது. 8.47-க்கு ஆஞ்சியோ நோயாளி டேபிளில். 8.50-க்குக் கேஷுவாலிட்டியிலிருந்து போன்: "மேடம், ஸ்ட்ரோக் கேஸ் ஒண்ணு, 58 வயசு அம்மா, வலது கை வரல, பேச்சு குழறுது. ஏழேகாலுக்கு நல்லா இருந்ததை மகன் பார்த்திருக்காரு. 8.45-க்குத்தான் வந்தாங்க."

டேபிளில் இருப்பவரை இறக்க வேண்டுமா? கேனுலா சோதித்து, இன்ஜெக்டர் ட்யூபும் மாட்டியாயிற்று என்றால் முடித்துவிடுங்கள். இன்னும் எட்டு நிமிட வேலைதான். இறக்கி ஏற்றவே பாதி நேரம் போகும், அவருடைய உயிரும் இந்தப் படத்தில்தான் இருக்கிறது. 8.58-க்கு அவர் இறங்கினால் அந்த அம்மா 9.02-க்கு ஏறலாம், வந்து 17 நிமிடம், இலக்குக்குள்தான். ஆனால் அந்தக் கேனுலா கசிந்து புதிதாகப் போட வேண்டிய நிலை என்றால், யோசிக்காமல் அவரை இறக்கி ஸ்ட்ரோக்கை ஏற்றுங்கள். இரண்டுக்கும் இடையில் சந்தேகம் வந்தால் ரேடியாலஜிஸ்டைக் கூப்பிட்டுக் கேளுங்கள், தனியாகத் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஸ்ட்ரோக் ஸ்லிப்பில் 'கடைசியாக நன்றாக இருந்த நேரம்' எழுதியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நாலரை மணிக் கணக்கு அதிலிருந்துதான். இந்த அம்மாவுக்கு 11.45 வரை. தூங்கி எழும்போதே கை வரவில்லை என்றால், படுக்கப் போன நேரத்தை எழுத வேண்டும், எழுந்த நேரத்தை அல்ல.

நான்கு நிமிடத்தில் அறையைத் தயார்செய்வது

நோயாளி இறங்கும்போது இன்ஜெக்டர் ட்யூபை மட்டும் கழற்றுங்கள். கேனுலா இருக்கட்டும். காண்ட்ராஸ்ட் போனவரை அரை மணி நேரம் வெளியே கண் பார்வையில் உட்கார வைக்க வேண்டும். அலர்ஜி வந்தால் அந்த வழி தேவைப்படும். அட்ரினலின் ஆம்பூல் ட்ரேயில் இருக்கிறதா என்பதையும் இந்த இடைவெளியில் பார்த்துவிடலாம்.

பிறகு கழிவு. ட்யூப் சிவப்புப் பையில், ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளில், ஊசி வெள்ளை டப்பாவில், கண்ணாடி மருந்து பாட்டில் நீலத்தில். கையுறையை மாற்றிக்கொண்டு 70% ஆல்கஹால் துடைப்பானால் ஹெட்ரெஸ்ட், பெல்ட், மெத்தை என்று சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்கான பக்கத்தை நோக்கித் துடையுங்கள். துடைத்த இடம் தானாகக் காய வேண்டும். ஈரமாக இருக்கும் நேரத்தில்தான் கிருமி சாகிறது, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் பலன் போய்விடும்.

ரத்தம் சிந்தியிருந்தால் துணி போட்டு மூடி, 1% ஹைப்போகுளோரைட் ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். பாட்டிலில் 5% என்றிருந்தால் 200 மில்லியுடன் 800 மில்லி தண்ணீர். அன்றன்று கலக்குங்கள், நாள்பட்டால் வீரியம் குறையும். இது உலோகத்தை அரிக்கும் என்பதால் கேன்ட்ரி பக்கம் கொண்டுபோக வேண்டாம். ஸ்ட்ரோக் காத்திருக்கும்போது பத்து நிமிடம் கிடைக்காது. ஆகவே தலைக்காய நோயாளியை ஏற்றுவதற்கு முன்பே ஹெட்ரெஸ்ட்டிலும் மெத்தையிலும் பிளாஸ்டிக் ஷீட் விரித்துவிடுங்கள். ரத்தம் அதோடு சுருண்டு போய்விடும்.

துடைக்கும்போது கண் வைக்க வேண்டிய ஒன்று காண்ட்ராஸ்ட் சொட்டு. ட்யூபைக் கழற்றும்போது தெறித்து ஹெட்ரெஸ்ட்டில் காய்ந்துவிடும். பிசுபிசுப்பாக, நிறமில்லாமல் இருப்பதால் தெரியாது. அடுத்தவரின் மூளைப் படத்தில் அது பளிச்சென்ற வெள்ளைப் புள்ளியாகவோ கோடாகவோ வரும். ரத்தக்கசிவைத் தேடும் படத்தில் இந்தக் குழப்பம் ஆபத்து. அந்த வெள்ளைப் புள்ளி மண்டையோட்டுக்கு வெளியே இருக்கிறதா, அடுத்த நோயாளியிலும் அதே இடத்தில் வருகிறதா என்று பாருங்கள், அப்படியென்றால் சொட்டுதான். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சந்தேகமான பகுதியைத் திரும்ப எடுக்க வேண்டுமா என்று ரேடியாலஜிஸ்டிடம் கேளுங்கள்.

இன்ஜெக்டருக்கு ஒவ்வொருவருக்கும் புது ட்யூப். இன்ஜெக்டர் தலையை மேலே நிமிர்த்தி மருந்தை நிரப்பி, தட்டிக் காற்றை வெளியேற்றி, ட்யூபின் நுனியில் மருந்து சொட்டும் வரை தள்ளுங்கள். பிறகு இன்ஜெக்டர் தலையைக் கீழே சாய்த்த பிறகே நோயாளியுடன் இணைக்க வேண்டும். தப்பிய குமிழி இருந்தால் மேலே ஒதுங்கி நிற்கும்.

கடைசியாகக் கன்சோல். முந்தைய ஸ்கேனை முடித்து மூடிய பிறகுதான் அடுத்த பெயரைத் திறக்க வேண்டும். அவசரத்தில் மூடாமல் எடுத்தால் ஸ்ட்ரோக் அம்மாவின் மூளை, ஆஞ்சியோ நோயாளியின் பெயரில் போய்ச் சேரும். டேபிளில் படுத்தவரிடம் "உங்க பேர் என்னம்மா?" என்று கேளுங்கள், பேச முடியாதவர் என்றால் கைப்பட்டையில் உள்ள ஐடியை ஒப்பிடுங்கள். ஆஞ்சியோவுக்குக் கால் முதலில் போயிருக்கலாம், மூளைக்குத் தலை முதலில் போகும். திரையில் Head First-Supine என்று மாற்றியதை உறுதி செய்யுங்கள். இது தவறினால் இடதும் வலதும் இடம் மாறும். ஆக்ஸிஜன் ட்யூபோ ட்ரிப்போ இருந்தால் கதிர் போடுவதற்கு முன் டேபிளை முழு தூரமும் ஒருமுறை நகர்த்தி, எதுவும் இழுபடவில்லை என்று பாருங்கள்.

மீதி வரிசை

ஸ்ட்ரோக்குக்குப் பிறகு தலைவலிக்காரர், அதற்குள் மருந்து குடித்து முடித்திருக்கும் வயிற்று ஸ்கேன்காரர். டிபி நோயாளி கடைசி. அவர் நிலை திடீரென மோசமானால் இந்த வரிசை பொருந்தாது, உடனே எடுக்க வேண்டும். இல்லையென்றால் கடைசியில் எடுப்பதற்குக் காரணம் காற்றுதான். ஒரு மணி நேரத்தில் 12 முறை காற்று மாறும் அறையில்கூட மிதக்கும் கிருமியில் 99% வெளியேற 23 நிமிடம் ஆகும்; 6 முறை மாறினால் 46 நிமிடம். ஸ்ப்ளிட் ஏசி உள்ளேயிருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடுமே தவிர, புதுக் காற்றைக் கொண்டுவராது. அவருக்கு சர்ஜிக்கல் மாஸ்க், உள்ளே போகும் உங்களுக்கு என்95. வார்டுக்குப் போன் செய்து டேபிள் காலியான பிறகே வரச் சொல்லுங்கள், மற்ற நோயாளிகள் இருக்கும் வராண்டாவில் காத்திருக்க வைக்க வேண்டாம். அவர் போனதும் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டுக் கதவைச் சாத்தி, உங்கள் அறையின் காற்று மாறும் அளவுக்கேற்ற நேரம் கழித்து அட்டெண்டரைத் துடைக்க அனுப்புங்கள். அந்த நேரத்துக்குள் போக வேண்டியிருந்தால் அவருக்கும் என்95 வேண்டும்.